முற்பணம் கேட்குமுன் கச்சான் மாதத்தைக் கணக்குப் போடுங்கள்

பெரகல சந்தியில் பாதை பிரிகிறது. ஒன்று அப்புத்தளைக்கு ஏறுகிறது, மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இரண்டு பக்கமும் தோட்டங்கள். அந்தத் தோட்ட ஆபீஸ்களுக்கு மாதம் தவறாமல் சம்பள முற்பணம் கேட்டுக் கடிதங்கள் வருகின்றன. பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும். முக்கால் பக்கத்துக்குக் கஷ்டம் எழுதியிருக்கும். கடைசி வரியில் 'மாதா மாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்ளவும்' என்று முடிந்திருக்கும்.

அந்தக் கடைசி வரிதான் பிறகு தொல்லை தருகிறது. எவ்வளவு கழிப்பது, எந்த மாதம் தொடங்குவது, எந்த மாதம் முடிப்பது என்று நீங்கள் எழுதாவிட்டால் ஆபீஸ் தன் வசதிக்கு எழுதிக்கொள்ளும். ஆபீஸுக்கு வசதியானது சம தவணை. ஊவா மலையில் கொழுந்து பறிக்கிறவருக்கோ எல்லா மாதமும் சமமாக வருவதில்லை. ஆகவே முற்பணக் கடிதத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் காரணம் அல்ல, திருப்பிக் கொடுக்கும் பகுதி. அதைச் சரியாகப் போட்டால் கேட்ட தொகை கிடைக்கும் வாய்ப்பும் கூடும், கிடைத்த பிறகு வீட்டில் அரிசிக்குத் திண்டாடாமலும் இருக்கலாம்.

முதலில், எந்தப் பணத்தைக் கேட்கிறீர்கள்?

முற்பணம் என்று நாம் சொல்வதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒன்று, ஏற்கெனவே வேலை செய்து முடித்த நாட்களின் கூலியைச் சம்பள நாளுக்கு முன்பே கேட்பது. மற்றது, இனிமேல் செய்யப்போகும் வேலைக்கான கூலியைக் கேட்பது.

மாதம் 20ஆம் திகதி வரை பதினான்கு பேர் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளப்படி, உங்கள் பேரில் ஏற்கெனவே 18,900 ரூபாய் சேர்ந்துவிட்டது. அந்த மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் திகதி அளவில்தான் கைக்கு வரும். அதற்கிடையில் 8,000 ரூபாய் தேவைப்பட்டால் கடன் என்ற பேச்சுக்கே அவசியமில்லை. உழைத்த பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டிக் கேட்கிறீர்கள், அடுத்த சம்பளத்தில் ஒரே தடவையில் கழிந்துவிடும். ஆபீஸுக்கு இதில் நட்டம் வர வழியில்லை. இதற்கு மூன்று வரிக் கடிதம் போதும். எத்தனை நாள் வேலை செய்தீர்கள், எவ்வளவு வேண்டும், இந்த மாதச் சம்பளத்திலேயே முழுவதையும் பிடித்துக்கொள்ளலாம் என்பதை எழுதினால் ஆயிற்று.

சிறிய தேவைக்குப் போய் ஆறு மாதத் தவணை கேட்கிறவர்கள் இந்த வழியைக் கவனிப்பதில்லை. 30,000, 40,000 என்று தேவைப்படும்போதுதான் இரண்டாவது வகைக்குப் போக வேண்டும். அங்கேதான் கணக்கு தேவை.

கைக்கு வருவது எவ்வளவு?

போன மாதச் சம்பளச் சிட்டையை எடுத்து வையுங்கள். நான் ஒரு எடுத்துக்காட்டுப் போடுகிறேன். நாட்சம்பளம் 1,350 என்றே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் சிட்டையில் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு முறை மாறாது. கூடுதல் கிலோவுக்கு வரும் காசையும் ஊக்குவிப்புக் காசையும் சேர்க்க வேண்டாம். அவை வந்தால் நல்லது, ஆனால் அவற்றை நம்பித் தவணை போடக்கூடாது.

நல்ல மாதத்தில் 22 நாள் வேலை என்றால் 29,700 ரூபாய். அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், அதாவது 2,376 ரூபாய். சங்கச் சந்தாவுக்கு 300, மரண உதவி, கோயில், தேயிலைத் தூள் எல்லாம் சேர்த்து 700 என்று வைப்போம். போன தீபாவளிக்கு வாங்கிய 15,000 ரூபாய் முற்பணம் பத்துத் தவணையாகப் போகிறது என்றால் மாதம் 1,500. எல்லாம் போகக் கைக்கு வருவது 24,824 ரூபாய்.

இந்த இடத்தில் நிறுத்தி, 'மாதம் 4,000 கொடுக்க முடியும்' என்று முடிவு செய்வதுதான் வழக்கமான தவறு. கணக்கின் அடுத்த பாதி ஜூலையில் இருக்கிறது.

ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. தென்மேல் பருவ மழை மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக வந்து அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பேர் வாங்கிக் கொடுத்த பருவம் அதுதான். அந்த வறட்சியில் இலைக்கு வரும் வாசனைக்குத்தான் அந்தப் பேர். ஆனால் வாசனை ஏறும் அதே மாதங்களில் கொழுந்து இறங்கிவிடும். கொழுந்து இல்லாவிட்டால் நாளும் இல்லை.

அந்த மாதங்களில் 15 நாள்தான் கிடைக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 20,250. சேமலாப நிதி 1,620, மற்றக் கழிவுகள் முன்போலவே 2,500. கைக்கு 16,130 ரூபாய்தான். நல்ல மாதத்துக்கும் கச்சான் மாதத்துக்கும் இடையில் எட்டாயிரத்து அறுநூறுக்கு மேல் வித்தியாசம். வேலை நாளோடு சேமலாப நிதி குறையும், ஆனால் சந்தாவும் தீபாவளித் தவணையும் குறைவதில்லை என்பதைக் கவனியுங்கள். முற்பணத் தவணையும் அப்படித்தான், ஒரு தொகையில் நின்றுவிட்டால் நின்றதுதான்.

இப்போது 30,000 ரூபாயை எட்டு மாதச் சம தவணையாகப் போட்டால் மாதம் 3,750. நல்ல மாதத்தில் கைக்கு 21,074 வரும், சமாளிக்கலாம். கச்சான் மாதத்தில் 12,380 வரும். அந்த மூன்று மாதத்தில்தான் தோடு அடகுக் கடைக்குப் போகிறது, வாரத்தவணைக் கடன்காரர் வாசலுக்கு வருகிறார். வட்டியில்லாத முற்பணத்தை அடைக்க வட்டிக்குக் கடன் வாங்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

வழி எளிது. தவணையைக் கொழுந்தோடு சேர்த்துப் போடுங்கள். மார்ச் நடுவில் முற்பணம் கேட்கிறீர்கள் என்றால் முதல் கழிவை ஏப்ரல் சம்பளத்தில் வையுங்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் தலா 5,000. கொழுந்து நன்றாக வரும் காலம், பாதிக் கடன் அங்கேயே தீர்ந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் தலா 2,000. போன தீபாவளி முற்பணம் நவம்பர் சம்பளத்திலிருந்து பத்து மாதம் போயிருந்தால் ஆகஸ்டோடு முடிகிறது, ஆகவே ஒக்டோபரில் 1,500 ரூபாய் இடம் விடுகிறது. மழையும் திரும்பியிருக்கும். அந்த மாதம் 6,000 கொடுக்கலாம். நவம்பரில் புதிய தீபாவளி முற்பணத்தின் தவணை தொடங்கக்கூடும் என்பதால் கடைசி 3,000 மட்டும். கூட்டிப் பாருங்கள், 30,000 சரியாக வரும்.

ஆபீஸுக்கும் இது மோசமான ஏற்பாடு அல்ல. அதே எட்டு மாதம்தான், பாதித் தொகை முதல் மூன்று மாதத்திலேயே வந்துவிடுகிறது. கடிதத்தில் இதைச் சொன்னால் கிளாக்கர் ஐயாவே துரையிடம் உங்களுக்காகப் பேசுவார்.

தவணையின் உச்ச அளவுக்கு நான் வைக்கும் வரம்பு ஒன்று உண்டு. மிக மோசமான மாதத்தில் கைக்கு வரும் தொகையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் அந்த மாதத் தவணை போகக்கூடாது. நல்ல மாதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். மேலே உள்ள அட்டவணையில் ஒக்டோபரின் 6,000 மட்டும் அந்த எல்லையைச் சிறிது தாண்டுகிறது. தீபாவளித் தவணை இல்லாத ஒரே நல்ல மாதம் என்பதால் அதை ஏற்கலாம்.

காரணம்: ஒரு திகதி, ஒரு தொகை, ஒரு தாள்

காரணத்தைச் சுருக்கமாக எழுதச் சொன்னால் பலருக்கு மனம் வருவதில்லை. கஷ்டத்தைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது என்று நினைக்கிறார்கள். ஆனால் துரைக்குத் தேவைப்படுவது வேறு. அவர் இந்தத் தொகையைக் கொடுத்ததற்குக் கம்பனிக்குப் பதில் சொல்ல வேண்டும். 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, தோட்டத்து முகாமையாளர் தன் கையால் எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஒரு அளவுக்கு மேல் போனால் கோப்பு கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் பார்ப்பது கடிதத்தை மட்டும்தான்.

ஆகவே காரணத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். எதற்கு, எந்தத் திகதிக்குள், எவ்வளவு. கூடவே அதை நிரூபிக்கும் தாள். மகளுக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால் தெரிவுக் கடிதத்தின் பிரதி. கூரைத் தகடு பறந்திருந்தால் கடையில் வாங்கிய விலைப்பட்டியலும் இரண்டு படங்களும். பதுளை பெரியாஸ்பத்திரியில் கிளினிக் என்றால் கிளினிக் கொப்பியின் அந்தப் பக்கம். நோயின் பெயரையும் விவரத்தையும் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. 'மருத்துவச் செலவு, சான்று இணைத்துள்ளேன்' என்றால் போதும். அது ஆபீஸில் பல கைகள் தாண்டிப் போகும் தாள் என்பதை மறக்காதீர்கள்.

'அவசரம்' என்ற சொல்லால் எதுவும் நகர்வதில்லை. '28ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும்' என்றால் நகரும்.

தேவைப்படும் தொகையையும் முற்பணத் தொகையையும் தனித்தனியாக எழுதுங்கள். மொத்தச் செலவு 45,000, அதில் 15,000 கையில் இருக்கிறது, மிச்சம் 30,000 கேட்கிறேன் என்று எழுதுகிறவரை ஆபீஸ் நம்புகிறது. எல்லாவற்றையும் தோட்டத்தின் தலையில் போடவில்லை என்று தெரிகிறதல்லவா? வெட்டுவார்கள் என்று பயந்து கூட்டிக் கேட்பது பழைய பழக்கம். அதனால் நட்டம் உங்களுக்குத்தான். கூட்டிக் கேட்ட தொகைக்கான தாள் உங்களிடம் இருக்காது.

கடிதம்

ஒரு மாதிரி தருகிறேன். பெயரையும் எண்களையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

> பெரகல,
> மார்ச் 14.
>
> முகாமையாளர் அவர்கள்,
> (தோட்டத்தின் பெயர்).
>
> ஐயா,
>
> 30,000 ரூபாய் சம்பள முற்பணம் கோரல்
>
> நான் இத்தோட்டத்தின் மேற்பிரிவில் 2011ஆம் ஆண்டு முதல் நிரந்தரத் தொழிலாளியாக வேலை செய்கிறேன். செக்ரோல் இலக்கம் (…), சேமலாப நிதி இலக்கம் (…). கடந்த நான்கு மாதங்களிலும் 21 நாளுக்குக் குறையாமல் வேலைக்கு வந்துள்ளேன்.
>
> என் மகள் கொட்டகலை, பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகியுள்ளார். விடுதிக்குத் தேவையான பொருட்களுக்கும் உடைகளுக்கும் ஆரம்பச் செலவுகளுக்கும் 45,000 ரூபாய் தேவை. 15,000 ரூபாய் என்னிடம் உள்ளது. மீதி 30,000 ரூபாயை இம்மாதம் 28ஆம் திகதிக்கு முன் முற்பணமாகத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். தெரிவுக் கடிதத்தின் பிரதியை இணைத்துள்ளேன்.
>
> இத்தொகையை என் சம்பளத்திலிருந்து பின்வருமாறு கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்: ஏப்ரல், மே, ஜூன் சம்பளங்களில் மாதம் 5,000 ரூபாய், ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் சம்பளங்களில் மாதம் 2,000 ரூபாய், ஒக்டோபர் சம்பளத்தில் 6,000 ரூபாய், நவம்பர் சம்பளத்தில் 3,000 ரூபாய். வறட்சி மாதங்களில் வேலை நாட்கள் குறைவதால் தவணையைக் குறைத்து, மற்ற மாதங்களில் கூட்டியுள்ளேன்.
>
> எனது சம்மதம் இந்த 30,000 ரூபாய்க்கு மட்டுமே. வேலை நாட்கள் 12க்குக் குறையும் மாதத்தில் அம்மாதத் தவணையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைக்குமாறும், ஒவ்வொரு மாதமும் மீதித் தொகையைச் சம்பளச் சிட்டையில் குறிக்குமாறும் வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (பெயர், கையொப்பம்)

இந்தக் கடிதத்தில் இரண்டு வரிகள் பலருக்குத் தேவையற்றதாகத் தோன்றலாம். அவைதான் உங்களைக் காப்பவை.

முதலாவது, சம்மதம் இந்தத் தொகைக்கு மட்டும் என்பது. கூலியிலிருந்து எதைக் கழிக்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்குச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும், கடை, ஆபீஸ் ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. முற்பணத்தைக் கழிக்க உங்கள் சம்மதம் வேண்டும். நீங்கள் எழுதும் கடிதமே அந்தச் சம்மதம். அதில் எல்லை போடாமல் விட்டால் பிறகு வரும் சச்சரவில் உங்களுக்குப் பிடிமானம் இருக்காது. இதே காரணத்தால் தொகை நிரப்பாத படிவத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போட வேண்டாம். 'நாங்க பிறகு போட்டுக்கிறோம்' என்று யார் சொன்னாலும் அந்த இடத்தில் எண்ணை எழுதச் சொல்லி, அதன் பிறகே பேனையை எடுங்கள்.

இரண்டாவது, மீதியைச் சிட்டையில் குறிக்கச் சொல்வது. இதற்குப் பின்னால் நமக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. கங்காணி காலத்தில் மலைநாட்டுக்கு ஆள் கொண்டுவந்ததே முற்பணத்தின் மேல்தான். பயணச் செலவு, சாப்பாட்டுச் செலவு, துணிமணி எல்லாம் கடனாக எழுதப்பட்டன. அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய தாளுக்குத் துண்டு என்று பெயர். அடுத்த தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆள் அங்கே போகலாம். கடனாளிக்குத் தன் கணக்கு தெரியாது, கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. 1921இல் துண்டு முறையைச் சட்டம் தடை செய்தது. மீதி எவ்வளவு என்று தொழிலாளியின் கையில் மாதா மாதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அந்த அனுபவத்தால்தான்.

சிலர் கடிதத்தின் முடிவில், 'நான் வேலையை விட்டால் மீதியை என் சேமலாப நிதியிலிருந்து எடுத்துக்கொள்ளவும்' என்று சேர்க்கிறார்கள். நம்பிக்கை தருவதற்காக எழுதுகிறார்கள், ஆனால் அதற்கு அர்த்தமில்லை. அந்த நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழில் திணைக்களத்தின் பொறுப்பிலும் மத்திய வங்கியிலும் இருக்கிறது, துரையின் அலமாரியில் இல்லை. எழுத வேண்டுமானால், 'இடையில் விலகினால் எனக்கு வர வேண்டிய கடைசிச் சம்பளத்திலிருந்து மீதியைக் கழிக்கலாம்' என்று எழுதுங்கள்.

எப்போது, யார் கையில்

மாத முடிவில் செக்ரோல் மூடிச் சம்பளம் போடும் வரை ஆபீஸுக்குத் தலை நிமிர நேரமில்லை. 1ஆம் திகதி முதல் 10ஆம் திகதி வரை முற்பணக் கடிதத்தோடு போகாமலிருப்பது நல்லது. சம்பளம் கொடுத்து முடிந்த பின் 12ஆம் திகதிக்கும் 20ஆம் திகதிக்கும் இடையில் போங்கள். அடுத்த மாதக் கழிவுகளை எழுத அவர்களுக்கு நேரம் இருக்கும், உங்கள் கடிதத்தை முழுவதும் வாசிக்கவும் நேரம் இருக்கும்.

பெரட்டில் வைத்துத் துரையிடம் வாயால் கேட்பது வேண்டாம். அங்கே 'பார்ப்போம்' என்ற பதில்தான் வரும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. கணக்கப்பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டு, கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துக்கொண்டு பெரிய கிளாக்கரிடம் போங்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியைப் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு ஏறத்தாழ இப்படி இருக்கும்.

"என்னம்மா, எவ்வளவு?"

"முப்பதாயிரம் ஐயா. ஏப்ரல் சம்பளத்துல இருந்து பிடிக்கலாம்னு எழுதியிருக்கேன்."

"தீபாவளிக் காசு இன்னும் போகுதே?"

"ஆகஸ்டோட முடியுது ஐயா. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கேன். கச்சான் மாசத்துல ரெண்டாயிரம், மத்த மாசத்துல கூட."

"போன மாசம் எத்தனை பேர்?"

"இருபத்திரெண்டு."

இந்த மூன்று கேள்விக்கும் பதில் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கேள்விகளைத் தாண்டி அவர் அதிகம் கேட்கப்போவதில்லை.

கணவன், மனைவி இருவரும் ஒரே தோட்டத்தில் வேலை செய்தால் இரண்டு பேரும் தனித்தனியாக 15,000 கேட்பது நல்லது. தவணை இரண்டு சம்பளத்தில் பரவும், ஒருவருக்கு உடம்பு சரியில்லாத மாதத்தில் முழுச் சுமையும் மற்றவர் மேல் விழாது. ஆனால் இதில் ஒன்றைக் கறாராகச் சொல்ல வேண்டும். யார் பேரில் கழிகிறதோ அவர் கையில்தான் பணம் போக வேண்டும். மனைவி பேரில் எழுதிய முற்பணத்தைக் கணவர் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போவதும், மாதா மாதம் அந்த அம்மாவின் சிட்டையில் மட்டும் கழிவு விழுவதும் இன்னும் நடக்கிறது. கையொப்பம் வாங்கும் கிளாக்கர் அதைத் தடுக்க முடியும். பெண்களும் அந்த இடத்தில் நேரே நின்று பணத்தை வாங்க வேண்டும்.

கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிறவர்கள்

பெரகலயிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளைக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் போகும் இளைஞர்களுக்குக் கணக்கு இலகு. மாதச் சம்பளம் ஒரே அளவு, சம தவணையே போதும். அவர்களின் சிக்கல் வேறு, எல்லாம் வாய்ப்பேச்சு. முதலாளி கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், ஒரு கொப்பியில் எழுதுகிறார், அந்தக் கொப்பி அவரிடமே இருக்கிறது. நான்கு மாதம் கழித்து மீதி பற்றி இரண்டு பேருக்கும் இரண்டு ஞாபகம் இருக்கும்.

கடிதம் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் அன்றைக்கே வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். 'அண்ணே, இன்னைக்கு 20,000 முற்பணம் வாங்கினேன். இந்த மாசத்துல இருந்து மாசம் 4,000 படி அஞ்சு மாசம் சம்பளத்துல கழிச்சுக்குங்க. நன்றி.' மரியாதைக் குறைவு இதில் ஒன்றுமில்லை. திகதியும் தொகையும் தவணையும் இரண்டு தொலைபேசியிலும் பதிந்துவிடும். ஒவ்வொரு சம்பள நாளிலும் 'மீதி 16,000', 'மீதி 12,000' என்று அதே இடத்தில் ஒரு வரி சேருங்கள்.

மறுத்தால், பிழைத்தால்

முழுத் தொகையும் கிடைக்காது என்றால் காரணத்தை மறுபடி சொல்ல வேண்டாம், எண்ணை மாற்றிக் கேளுங்கள். '30,000 முடியாவிட்டால் 15,000 தர முடியுமா? ஜூன் சம்பளத்தோடு முழுக்க முடிந்துவிடும்' என்பது வேறு கோரிக்கை. துரையின் அதிகாரத்துக்குள் அது அடங்கக்கூடும், கொழும்புக்குப் போகாமலே தீர்ந்துவிடும். அல்லது செய்து முடித்த நாட்களின் கூலியில் ஒரு பங்கை இந்த மாதமும் அடுத்த மாதமும் கேட்கலாம். அந்த முதல் வகை முற்பணம் பெரிய தேவையைக்கூட இரண்டு துண்டாகச் சமாளிக்க உதவும்.

முற்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் தோட்டத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே மறுப்பைத் தொழில் அலுவலகத்துக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. தோட்டத் தலைவரை அழைத்துப் போவதில் பயன் உண்டு, தீபாவளி முற்பணமே சங்கங்கள் ஆண்டுதோறும் பேசிப் பேசிக் கட்டிக்காத்த வழக்கம்தானே. ஆனால் கழிவில் பிழை வந்தால் நிலைமை வேறு. சம்மதித்ததைவிடக் கூடுதலாகப் பிடித்தால் அது முறைப்பாடு செய்யக்கூடிய விஷயம். அதற்குப் பதுளைத் தொழில் அலுவலகம் இருக்கிறது. கடிதத்தின் பிரதியும் சம்பளச் சிட்டைகளும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

பிழைகள் மூன்று விதமாக வரும். ஒரே மாதத்தில் தவணை இரண்டு தடவை விழுவது முதலாவது. இது பெரும்பாலும் விடுமுறைக்காகச் சம்பளம் முன்கூட்டிப் போட்ட மாதத்தில் நடக்கும். இரண்டாவது, குறைத்துக் கேட்ட மாதத்திலும் பழைய தொகையே விழுவது. உங்கள் தவணை ஏறி இறங்கும் வகை என்பதால் இதற்கு வாய்ப்பு அதிகம். ஜூலைச் சம்பளச் சிட்டை ஆகஸ்ட் 10ஆம் திகதி கைக்கு வந்ததும் 2,000 தானா என்று அங்கேயே பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டாம். மூன்றாவது, கடன் தீர்ந்த பிறகும் கழிவு தொடர்வது.

அந்த மூன்றாவது பிழைக்காகத்தான் கடைசித் தவணையோடு சிட்டையை மடித்து வைத்துவிடக் கூடாது. நவம்பர் சம்பளத்தில் 3,000 விழுந்து மீதி பூச்சியம் என்று வந்திருக்கும். டிசம்பர் சம்பளச் சிட்டை ஜனவரி 10ஆம் திகதி வரும்போது முற்பணம் என்ற இடத்தில் எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் அன்று ஆபீஸில் கூட்டம் என்று திரும்பி வராமல், எட்டு சிட்டைகளையும் கடிதப் பிரதியையும் கிளாக்கர் ஐயாவிடம் காட்டி, கூடப் பிடித்த தொகையை அடுத்த சம்பளத்தில் திருப்பிச் சேர்ப்பதாகப் பிரதியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.